முதல் பாக்கெட் தொலைய வேண்டும்

வீட்டு மேசைக்கடியில் ஒரு சின்னக் கணினி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தின் பழைய புகைப்படங்கள், வாசல் கேமராவின் பதிவுகள், வரிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. வீடு மதுரையில். வீட்டுக்காரர் வேலை நிமித்தம் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்; மடியில் லேப்டாப். இரண்டு இடத்திலும் நல்ல பிராட்பேண்ட் இருக்கிறது. ஆனாலும் அந்த லேப்டாப்பால் வீட்டுக் கணினியை நேராகக் கூப்பிட முடியாது. வீட்டுக் கணினியாலும் லேப்டாப்பைக் கூப்பிட முடியாது. இரண்டும் வெளியுலகத்தை அழைக்கலாம். வெளியிலிருந்து வரும் அழைப்பு இரண்டையும் எட்டாது.

இதற்கு நெடுநாளாக இருக்கும் வழி, நடுவில் ஒரு சர்வரை வைப்பது. யார் வேண்டுமானாலும் கூப்பிடக்கூடிய பொது முகவரி அதற்கு இருக்கும். லேப்டாப் அதை அழைக்கும், வீட்டுக் கணினியும் அதை அழைக்கும், ஒன்றின் பேச்சை அது மற்றதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அலுவலகங்களில் நாம் பார்த்துப் பழகிய வி.பி.என். பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். வேலை நடக்கும், ஆனால் வாடகைக்கு எடுத்த சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து மதுரைக்குப் போக வேண்டிய ஒவ்வொரு படமும் கடல் தாண்டிப் போய்த் திரும்பும். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடியில் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கேள்வி சிங்கப்பூர் வழியாக மதுரை போய், பதில் அதே வழியில் திரும்பி வர, ஒளியின் வேகத்திலேயே 60 மில்லிசெகண்ட் ஆகிவிடும். நேர்வழியில் போனால் இதே கணக்கு 5 மில்லிசெகண்டுக்குள் முடியும். தவிர, அந்த சர்வர் ஒவ்வொரு பைட்டையும் ஒருமுறை வாங்கி இன்னொருமுறை அனுப்ப வேண்டும். நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்த்தால் திணறும். அது படுத்தால் எல்லாமே படுத்துவிடும்.

மெஷ் வி.பி.என். என்ற வகை இந்த நடு சர்வரைப் பாதையிலிருந்து எடுத்துவிடப் பார்க்கிறது. டெய்ல்ஸ்கேல், ஜீரோடியர், நெட்பேர்ட், ஸ்லாக் நிறுவனத்துக்குள் உருவாகி 2019இல் வெளியே வந்த நெபுலா என்று இதில் பல உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை உத்தி கிட்டத்தட்ட ஒன்றே. கனடாவின் டொராண்டோவில் 2019இல் தொடங்கிய டெய்ல்ஸ்கேலை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது எப்படி வேலை செய்கிறது என்பதை அதன் பொறியாளர்களே ஒளிவு மறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள், நம் கணினியில் நாமே சோதித்துப் பார்க்கவும் முடியும்.

ரவுட்டர் எழுதும் கணக்கு

இரண்டு கணினிகளும் ஏன் அழைப்பை வாங்க முடியாமல் இருக்கின்றன? காரணம் முகவரிப் பஞ்சம். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலக மக்கள்தொகையே அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆளுக்கு ஒரு போன் என்றாலே போதாது. இந்தப் பஞ்சம் வரும் என்று முன்பே தெரிந்ததால் 1994இல் ஒரு தற்காலிக ஏற்பாட்டை முன்வைத்தார்கள். அதன் பெயர் நாட். வீட்டுக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ரவுட்டர் உள்முகவரிகளைக் கொடுக்கும். வெளியே போகும்போது அத்தனையும் ரவுட்டரின் ஒரே பொது முகவரியில் போகும். குறுகிய காலத் தீர்வு என்று அந்த ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள். முப்பது வருடம் தாண்டியும் உங்கள் வீட்டு ரவுட்டர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அது எப்படிச் செய்கிறது என்பதில்தான் பின்னால் வரப்போகும் தந்திரம் முழுவதும் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். இணையத்தில் போகும் தகவல் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இரண்டுக்கும் ஒரு போர்ட் எண் ஆகியவை இருக்கும். போர்ட் எண் 65,535 வரை போகலாம். சென்னை லேப்டாப் வெளியில் உள்ள ஒரு சர்வருக்கு ஒரு பாக்கெட் அனுப்பியதும் அறையிலுள்ள ரவுட்டர் தன் நினைவில் இப்படி ஒரு வரி எழுதிக்கொள்ளும்:

```
உள்ளே    192.168.0.14:41641
வெளியே   198.51.100.9:52311
யாரிடம்   192.0.2.50:3478
```

அதாவது, உள்ளே 192.168.0.14 என்ற முகவரியில், 41641ஆம் போர்ட்டிலிருந்து கிளம்பிய பேச்சை வெளியுலகத்துக்கு என் முகவரியில், 52311ஆம் போர்ட்டிலிருந்து வந்ததாகக் காட்டியிருக்கிறேன், பேச்சு 192.0.2.50 என்பவரோடு. (இந்தக் கட்டுரையில் வரும் பொது முகவரிகள் யாருடையதும் அல்ல, உதாரணம் எழுதவென்றே ஒதுக்கி வைத்தவை.) அந்த சர்வரின் பதில் 52311க்கு வந்தால், ரவுட்டர் வரியைப் பார்த்து லேப்டாப்பிடம் சேர்த்துவிடும். வரியில் இல்லாத எவரிடமிருந்து எது வந்தாலும் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அது பகையால் அல்ல, வீட்டிலிருக்கும் ஏழெட்டுக் கருவிகளில் யாரிடம் கொடுப்பது என்றே அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் அதன் ஃபயர்வால் பகுதி விடாது.

ஆக, உள்ளே வரும் பாக்கெட்டை விடலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது, அதற்கு முன்னால் உள்ளேயிருந்து என்ன வெளியே போயிற்று என்பதுதான்.

என் முகவரி என்ன?

நேராகப் பேச வேண்டுமானால் லேப்டாப் தன் பொது முகவரியை வீட்டுக் கணினிக்குத் தெரிவிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் அது லேப்டாப்புக்கே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 192.168.0.14 என்ற உள்முகவரி மட்டும். அதே முகவரியோடு இந்த ஊரில் எத்தனையோ கணினிகள் இருக்கும்.

இதற்கு ஸ்டன் என்ற மிக எளிமையான ஏற்பாடு இருக்கிறது. வெளியில் ஒரு சர்வர். அதற்கு ஒரு சின்ன பாக்கெட் அனுப்பி, நான் உனக்கு எந்த முகவரியில் தெரிகிறேன் என்று கேட்டால், 198.51.100.9, போர்ட் 52311 என்று பதில் சொல்லும். அதோடு அதன் வேலை முடிந்தது. வீட்டுக் கணினியும் இதேபோல் கேட்டு 203.0.113.7, போர்ட் 41641 என்று தெரிந்துகொள்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்டன்னிடம் கேட்பதும் பின்னால் உண்மையான தகவலை அனுப்புவதும் கணினியின் ஒரே போர்ட் வழியாக நடக்க வேண்டும். வேறு போர்ட்டிலிருந்து கேட்டால் ரவுட்டர் அதற்கு வேறொரு வரி எழுதும். கிடைத்த பதில் எதற்கும் உதவாது.

அடுத்து, இரண்டு பேரும் தெரிந்துகொண்ட முகவரிகளைக் கைமாற்ற வேண்டும். ஒருவரை ஒருவர் இன்னும் கூப்பிடவே முடியாத நிலையில் எப்படிக் கைமாற்றுவது? இங்கேதான், மையமே இல்லை என்று சிலர் சொல்லும் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மையம் இருக்கிறது. டெய்ல்ஸ்கேல் அதை ஒருங்கிணைப்பு சர்வர் என்று வைத்திருக்கிறது. கல்யாணத் தரகர் மாதிரி அது: ஜாதகத்தைக் கைமாற்றிவிடும், குடும்பம் நடத்த வராது. உங்கள் வலையில் எந்தெந்தக் கருவிகள் உண்டு, ஒவ்வொன்றின் பொதுச் சாவி என்ன, இப்போது எந்த முகவரியில் இருக்கக்கூடும் என்ற விவரங்களை மட்டும் அது எல்லாக் கருவிகளுக்கும் தெரிவிக்கிறது. புகைப்படமோ கேமரா பதிவோ அதன் வழியாகப் போவதில்லை.

சாவி என்றது வயர்கார்ட் என்ற குறியாக்க முறையின் சாவியை. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலின் 5.6 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு ஜோடிச் சாவியை உண்டாக்கிக்கொள்ளும். ரகசியச் சாவி கருவியை விட்டு வெளியே போகாது; பொதுச் சாவியை யாரும் பார்க்கலாம். வயர்கார்டைத் தனியாகவே பயன்படுத்தலாம்தான். ஆனால் எல்லாரும் எல்லாரோடும் பேச வேண்டுமென்றால் 10 கருவிகளுக்கு 45 இணைப்புகளைக் கையால் எழுத வேண்டும், ஒரு கருவியின் முகவரி மாறினால் மற்ற ஒன்பதிலும் போய்த் திருத்த வேண்டும். இந்தத் தொல்லையைத்தான் ஒருங்கிணைப்பு சர்வர் ஏற்றுக்கொள்கிறது.

துளை விழும் விதம்

இப்போது லேப்டாப்புக்கு வீட்டு முகவரி தெரியும், வீட்டுக் கணினிக்கு லேப்டாப் முகவரி தெரியும். லேப்டாப் முதல் பாக்கெட்டை 203.0.113.7க்கு அனுப்புகிறது. வழியில் அறை ரவுட்டர் ஒரு வரி எழுதிக்கொள்கிறது: உள்ளேயிருந்து ஒருவர் 203.0.113.7உடன் பேசுகிறார். பாக்கெட் மதுரை போய்ச் சேர்கிறது. மதுரை ரவுட்டர் தன் வரிகளைப் புரட்டுகிறது. 198.51.100.9 என்று யாரையும் காணோம். கீழே போட்டுவிடுகிறது.

தோற்றுவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்தப் பாக்கெட் தன் வேலையை முடித்துவிட்டது. மதுரையைச் சேர வேண்டும் என்பது அதன் வேலையே அல்ல. கிளம்பிய இடத்தில், அறை ரவுட்டரின் நினைவில், ஒரு வரியை எழுத வைப்பதுதான் அதன் வேலை. இப்போது மதுரையிலிருந்து வீட்டுக் கணினி தன் பங்குக்கு 198.51.100.9, போர்ட் 52311க்கு ஒரு பாக்கெட் அனுப்பினால், மதுரை ரவுட்டரும் ஒரு வரி எழுதிக்கொள்ளும். அந்தப் பாக்கெட் சென்னை வந்து சேரும்போது அறை ரவுட்டர் பார்க்கிறது: 203.0.113.7தானே, நம் ஆள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர், இது பதில் போலும் என்று உள்ளே விட்டுவிடுகிறது. லேப்டாப் மறுபடி அனுப்பினால் இப்போது மதுரையிலும் வரி இருப்பதால் அங்கேயும் நுழைந்துவிடும். இரண்டு ரவுட்டர்களும், தங்கள் வீட்டு ஆள்தான் பேச்சைத் தொடங்கினார் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. ஒன்றையும் ஏமாற்றவில்லை, இரண்டு பேருமே தொடங்கியதாக வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். நான் இப்போது தட்டுகிறேன், நீயும் தட்டு என்று சொல்ல ஒரு வழி முன்கூட்டியே இருக்க வேண்டும். டெய்ல்ஸ்கேலில் அதற்கு டெர்ப் எனப்படும் அஞ்சல் சர்வர்கள் உலகின் பல நகரங்களில் இருக்கின்றன. பெங்களூரிலும் ஒன்று உண்டு. எல்லாக் கருவிகளும் தங்களுக்கு அருகிலுள்ள டெர்ப்போடு எப்போதும் தொடர்பில் இருக்கும். லேப்டாப் அதன் வழியாக வீட்டுக் கணினிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். நிரலில் அந்தச் செய்திக்கு `CallMeMaybe` என்று பெயர். ஒரு கனடியப் பாப் பாட்டின் பெயர் அது; டொராண்டோ நிறுவனம் என்பதால் மன்னித்துவிடலாம்.

தட்டுவதும் ஒரே முகவரிக்கு மட்டும் அல்ல. வீட்டுக் கணினியின் உள்முகவரி, ஸ்டன் சொன்ன பொது முகவரி, ஐபிவி6 முகவரி இருந்தால் அது என்று தெரிந்த எல்லாவற்றுக்கும் ஒரு சோதனை பாக்கெட் போகும். எது பதில் சொல்கிறதோ, அதிலும் எது சீக்கிரம் சொல்கிறதோ, அந்த வழி நிலைக்கும். வீட்டுக்காரர் மதுரைக்கே திரும்பி அதே வைஃபையில் உட்கார்ந்தால் உள்முகவரியே முதலில் பதில் சொல்லிவிடும். தகவல் தெருவுக்குக்கூடப் போகாது.

இந்த உத்தி டெய்ல்ஸ்கேல் கண்டுபிடித்தது அல்ல. 2005இல் பிரையன் ஃபோர்ட், பைடா ஸ்ரீசுரேஷ், டேன் கெகல் மூவரும் வெளியிட்ட ஆய்வில், சோதித்த ரவுட்டர் வகைகளில் சுமார் 82 சதவீதம் யு.டி.பி. பாக்கெட்டுகளுக்கு இப்படித் துளையிட இடம் கொடுத்ததாகக் கண்டார்கள். பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் டி.சி.பி. முறைக்கு 64 சதவீதம்தான். அதனால்தான் வயர்கார்ட் போன்ற யு.டி.பி. கருவிகள் இதற்கு வாகாக அமைகின்றன.

துளை என்றதும் திருடனும் அதன் வழியாக வருவானே என்று தோன்றும். பல ரவுட்டர்களில் அந்த வரி குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும்தான் செல்லும். அப்படி இல்லாத ரவுட்டரிலும், உள்ளே வந்த பாக்கெட் சந்திப்பது வயர்கார்டை. சரியான சாவியால் பூட்டாத எதற்கும் அது பதிலே சொல்லாது, மறுப்புகூடத் தெரிவிக்காது. தட்டியவனுக்கு அங்கே ஆள் இருக்கிறதா என்றே தெரியாது.

ரவுட்டரின் வரிகள் சிரஞ்சீவி அல்ல. பேச்சு நின்றால் கொஞ்ச நேரத்தில் அழித்துவிடும். யு.டி.பி. வரியை 2 நிமிடத்துக்கு முன் அழிக்கக் கூடாது என்று 2007இல் வந்த விதிமுறை சொல்கிறது. ஆனால் 30 நொடியிலேயே அழிக்கும் ரவுட்டர்கள் உண்டு. எனவே பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு வெற்று பாக்கெட்டை அனுப்பித் துளையைத் தூர்ந்துபோகாமல் வைக்க வேண்டும். வயர்கார்டைத் தனியாக வைத்திருப்பவர்கள் `PersistentKeepalive = 25` என்று எழுதுவது இதற்குத்தான். போனில் இது பேட்டரியைத் தின்னும். ஆகவே பயன்பாடு இல்லாத இணைப்பை மூட விட்டு, தேவைப்படும்போது மறுபடி தட்டிக்கொள்வதே நல்லது.

பிடிகொடுக்காத ரவுட்டர்

இதுவரை சொன்ன கதை ஓர் அனுமானத்தில் நிற்கிறது. லேப்டாப் ஸ்டன் சர்வரோடு பேசினாலும் மதுரையோடு பேசினாலும், ரவுட்டர் வெளியே ஒரே 52311ஐத்தான் காட்டும் என்று எடுத்துக்கொண்டோம். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் சில வகை, பேசும் ஆள் மாறினால் போர்ட்டையும் மாற்றும். ஸ்டன்னிடம் 52311 என்று காட்டிய அதே பேச்சை மதுரைக்கு 38807 என்று காட்டும். ஸ்டன் சொன்ன பதில் பொய்யில்லை, ஆனால் அது ஸ்டன்னுக்கு மட்டுமே உண்மை. மதுரைக் கணினி 52311ஐத் தட்டிக்கொண்டே இருக்கும். அங்கே அதற்கு வழியே இல்லை. பெரிய அலுவலக ஃபயர்வால்களிலும் சில மொபைல் நெட்வொர்க்குகளிலும் இந்த வகை அதிகம்.

ஒரு பக்கம் மட்டும் இப்படி என்றால் ஊகத்தால் முயன்று பார்க்கலாம். எந்தப் போர்ட் என்று தெரியாமல் 65 ஆயிரத்துச் சொச்சம் போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் நொடிக்கு 100 வீதம் போனாலும் 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். டெய்ல்ஸ்கேலின் டேவிட் ஆண்டர்சன் 2020இல் எழுதிய விரிவான கட்டுரையில் இதைவிடக் கெட்டிக்கார வழி ஒன்றைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பிடிகொடுக்காத ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவி ஒரு போர்ட்டுக்குப் பதில் 256 போர்ட்டுகளிலிருந்து அனுப்பட்டும். ரவுட்டரில் 256 வெவ்வேறு துளைகள் விழும். எதிர்ப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஏதேதோ போர்ட்டுகளைத் தட்டட்டும்; 256இல் ஒன்று பட்டால் போதும். ஒவ்வொரு தட்டலுக்கும் 256இல் ஒரு வாய்ப்பு. இப்படி 180 முறை தட்டுவதற்குள் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வழி கிடைத்துவிடும். 1,024 முறை தட்டினால் 98 சதவீதம். நொடிக்கு 100 என்றால் அது 10 நொடி வேலை. ஒரு வகுப்பில் 23 மாணவர்கள் இருந்தாலே இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதி வாய்ப்புக்கு மேல் என்ற பழைய புதிரின் தம்பிதான் இது.

இரண்டு பக்கமும் பிடிகொடுக்காத வகை என்றால் இந்தக் கணக்கும் கைவிட்டுவிடும். இரண்டு போர்ட்டையும் ஊகிக்க வேண்டியிருப்பதால் தட்டல்கள் லட்சத்தைத் தாண்டும், சில ரவுட்டர்களின் நினைவே அதில் நிரம்பிப்போகும்.

நம் ஊர் வாசகர்கள் அதிகம் சந்திக்கக்கூடியது இன்னொன்று. முகவரிப் பஞ்சத்தால் இணைய நிறுவனங்களே தங்கள் பக்கம் ஒரு பெரிய நாட்டை வைத்து, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. உங்கள் ரவுட்டருக்கே பொது முகவரி கிடைக்காது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வெளிப்பக்க முகவரி என்னவென்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் இப்படி ஒரு பெரிய நாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. 10இல் தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதை. இந்நிலையில் உங்கள் ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டும் பயனில்லை, வெளிக்கதவு உங்களுடையதே அல்ல. ஆனால் துளையிடும் உத்தி இங்கேயும் பலிக்கலாம். வெளியே போகும் பாக்கெட் இரண்டு நாட்டுகளிலும் வரி எழுதிக்கொண்டே போகிறது. வெளியில் இருக்கும் பெரிய நாட் போர்ட்டை மாற்றாத வகையாக இருந்தால் போதும்.

வேடிக்கை என்னவென்றால் டெய்ல்ஸ்கேல் தன் கருவிகளுக்குக் கொடுக்கும் உள்முகவரிகளும் இதே 100.64 வரிசையிலிருந்துதான். வீட்டு நெட்வொர்க்குகளில் யாரும் இந்த எண்களைப் பயன்படுத்துவதில்லை என்பதால் மோதல் வராது.

நேர்வழியா, சுற்றுவழியா?

டெய்ல்ஸ்கேல் தொடக்கத்தில் காத்திருக்காது. முதல் பாக்கெட்டுகள் டெர்ப் வழியாகவே போகத் தொடங்கிவிடும். துளையிடும் வேலை பின்னணியில் நடக்கும். வழி கிடைத்த நொடியில் பேச்சு அதற்கு மாறிக்கொள்ளும். பயன்படுத்துபவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பினால் ஒரு கட்டளை இருக்கிறது. வீட்டுக் கணினிக்கு `veedu` என்று பெயர் வைத்திருந்தால், சென்னை லேப்டாப்பில் இப்படித் தெரியும்:

```
$ tailscale ping veedu
pong from veedu (100.101.7.20) via DERP(blr) in 58ms
pong from veedu (100.101.7.20) via DERP(blr) in 55ms
pong from veedu (100.101.7.20) via 203.0.113.7:41641 in 14ms
```

முதல் இரண்டு வரியும் பெங்களூர் டெர்ப்பைச் சுற்றி வந்தவை. மூன்றாவதில் டெர்ப் போய், மதுரை ரவுட்டரின் முகவரியே வந்துவிட்டது, துளை விழுந்துவிட்டது. (மில்லிசெகண்டுகள் உதாரணத்துக்குப் போட்டவை, உங்களுக்கு வேறாக வரும்.) கடைசி வரை `DERP` என்றே வந்துகொண்டிருந்தால் நேர்வழி கிடைக்கவில்லை என்று பொருள். கேமரா காட்சி தெளிவாக ஆரம்பித்துப் பிறகு விட்டு விட்டு ஓடுவது, பெரிய கோப்பு ஆமை வேகத்தில் நகர்வது எல்லாம் இதன் அடையாளங்கள். டெர்ப் எல்லோருக்கும் பொதுவானது. அதில் அதிக வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. அது தகவலைப் படிக்குமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். வயர்கார்ட் பூட்டிய பாக்கெட்டைத்தான் அது கைமாற்றுகிறது, சாவி இரண்டு முனைகளிலும் மட்டுமே இருக்கிறது.

நேர்வழி ஏன் கிடைக்கவில்லை என்று அறிய இன்னொரு கட்டளை, `tailscale netcheck`. அது தரும் விவரங்களில் இரண்டு வரியைப் பார்த்தால் போதும்:

```
* UDP: true
* MappingVariesByDestIP: false
```

முதல் வரி `false` என்றால் நீங்கள் இருக்கும் நெட்வொர்க் யு.டி.பி.யையே தடுத்திருக்கிறது, கல்லூரி, ஓட்டல், அலுவலக வைஃபைகளில் இப்படி இருக்கும். அங்கே டெர்ப் மட்டுமே கதி. அது வழக்கமான இணையதளம் போலவே 443ஆம் போர்ட்டில் போவதால் தடுப்பவர்கள் குறைவு. இரண்டாவது வரி `true` என்றால் உங்கள் ரவுட்டர் ஆளுக்கு ஒரு போர்ட் காட்டும் வகை. அதைக் கண்டறியும் முறை எளியது: ஒரே போர்ட்டிலிருந்து வெவ்வேறு ஸ்டன் சர்வர்களிடம் கேட்டு, சொல்லும் போர்ட் எண் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிறது.

செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டு ரவுட்டருக்குச் சொந்தமாகப் பொது முகவரி இருந்தால், யு.டி.பி. 41641ஐ வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடலாம். அதன்பின் ஒரு பக்கம் நிச்சயமாகத் திறந்திருப்பதால் எதிர்ப் பக்கம் எப்படிப்பட்ட ரவுட்டர் இருந்தாலும் கவலையில்லை. ரவுட்டரில் யு.பி.என்.பி. வசதியை இயக்கினால் டெய்ல்ஸ்கேலே போர்ட் திறந்து தரக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் வீட்டிலிருக்கும் மலிவு விலைப் பல்பும் கேமராவும்கூட அதே உரிமையோடு கேட்கும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. பெரிய நாட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஐபிவி6தான் நல்ல வழி. அதில் முகவரிப் பஞ்சம் இல்லாததால் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும், போர்ட் மாறுமே என்று ஊகிக்கும் வேலையே இல்லை. ஃபயர்வால் அப்போதும் இருக்கும், ஆகவே முதல் பாக்கெட் தொலைவதும் இரு பக்கமும் தட்டுவதும் அப்படியேதான். இந்தியாவில் மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6ஐப் பரவலாகத் தருகின்றன. வீட்டு ரவுட்டரில் அது அணைந்து கிடக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் இருந்தால்தான் பயன்.

மிஞ்சுவது தரகரைப் பற்றிய கேள்வி. ஒருங்கிணைப்பு சர்வர் சில மணி நேரம் நின்றுபோனால், ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் கருவிகள் தொடர்ந்து பேசும். புதிய கருவியைச் சேர்க்க முடியாது, புதிதாக வந்த மாற்றங்கள் மற்றவற்றுக்குத் தெரியாது. இதைவிட ஆழமான சந்தேகம், யாருடைய சாவி எது என்று சொல்வதே அந்த சர்வர்தான் என்பது. அது கெட்டுப்போனால் வேறொருவர் சாவியை உங்கள் வலைக்குள் நுழைத்துவிட முடியும். இதைத் தடுக்க, புதிய கருவியின் சாவியை உங்கள் பழைய கருவி ஒன்று கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால்தான் மற்றவை ஏற்கும்படி டெய்ல்ஸ்கேலில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். நாமாக இயக்க வேண்டும். அந்த நிறுவனமே வேண்டாம் என்பவர்கள், ஒருங்கிணைப்பு வேலையைத் தாங்களே செய்துகொள்ள ஹெட்ஸ்கேல் என்ற திறந்த மூல மென்பொருளை நிறுவுகிறார்கள். சாவிகளும் முகவரிகளும் மட்டுமே அதன் வழியாகப் போவதால் மிகச் சிறிய வாடகை சர்வரே போதும். ஆனால் அதை மதுரை மேசைக்கடியில், பெரிய நாட்டுக்குப் பின்னால் வைக்க முடியாது. எல்லாக் கருவிகளும் முதலில் கூப்பிட வேண்டிய இடம் அது. பொது முகவரி உள்ள ஓரிடத்தில்தான் இருந்தாக வேண்டும்.